கேளுங்கள், குரைக்கிறேன்

கே: நாய் நன்றியுள்ள பிராணிதானே? – மாணவன், கற்பிட்டி

ப: தம்பி, உங்கள் கட்டுரையை நீங்களே எழுதுங்கள்.

கே: நான் கரைக்கு வர அரை மணித்தியாலம் முன்னமே எங்கள் நாய் வாசலுக்கு வந்துவிடுகிறதாம். வீட்டுக்காரி சொல்கிறாள். ஞானதிருஷ்டியா? – சம்மாட்டி, கண்டக்குழி

ப: சம்மாட்டியாரே, இங்கிலாந்தில் ஜேட்டி என்றொரு நாய் இதே பெருமையோடு வாழ்ந்தது. எசமானி எங்கோ தூரத்தில் வீட்டுக்குக் கிளம்ப நினைத்த கணமே, அது ஜன்னலடிக்குப் போய் நிற்குமாம். ஷெல்ட்ரேக் என்ற ஆய்வாளர் அதை நம்பினார். வைஸ்மன் என்பவரும் கூட்டாளிகளும் சோதித்துப் பார்த்து 1998இல் எழுதினார்கள். எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று வீட்டிலிருந்தவர்களுக்குத் தெரியாது. நாயைக் கமரா பார்த்துக்கொண்டே இருந்தது. ஜேட்டி ஜன்னலுக்குப் போனது உண்மைதான். ஆனால் தெருவில் யார் போனாலும் போனது! பத்துத்தரம் போனதில் ஒன்பதை மறந்து ஒன்றை மட்டும் ஊரெல்லாம் சொல்கிறோம். ஷெல்ட்ரேக் அந்த முடிவை ஏற்கவில்லை, நான் ஏற்கிறேன்.

நீங்களும் சோதிக்கலாம். வீட்டுக்காரியிடம் ஒரு கொப்பி கொடுத்து, நாய் வாசலுக்குப் போகும் ஒவ்வொரு தரத்தையும் மணியோடு எழுதச் சொல்லுங்கள். வழக்கமான நேரத்தை விட்டு, சொல்லாமல் வாருங்கள். ஒருநாள் உங்கள் படகில் வராமல் வேறொருவர் படகில் வந்து இறங்குங்கள். உங்கள் எஞ்சின் சத்தத்தை மற்ற எஞ்சின்களிலிருந்து பிரித்தறிய நாயின் காதால் முடியும். கச்சான் காற்று கடலிலிருந்து வீட்டுக்கு அடிக்கும் நாளில் நாய் முந்தி, காற்று திரும்பிய நாளில் பிந்தினால், ஞானதிருஷ்டி மூக்கிலும் காதிலும் இருக்கிறது என்று பிடித்துவிடலாம். கொப்பியை எனக்கு அனுப்புங்கள். கருவாடும் அனுப்பினால் வாசிப்பு வேகமாகும்.

கே: வாலை ஆட்டுவதெல்லாம் சோற்றுக்குத்தானே? – நாய் பிடிக்காதவர், நுரைச்சோலை

ப: சோறும்தான். பாய்ந்து வந்து வாயை நக்குவது, வேட்டையிலிருந்து திரும்பும் தாயின் வாயை ஓநாய்க் குட்டி நக்கி உணவைக் கக்கவைக்கும் பழைய வழக்கத்தின் மிச்சம். ஆனால் சோற்றோடு கதை முடியவில்லை. சுவீடனில் 2011இல் வந்த ஓர் ஆய்வில் நாய்களை வீட்டில் தனியே விட்டுப் பார்த்தார்கள். அரை மணி கழித்து வந்தவரைவிட, இரண்டு மணி கழித்து வந்தவருக்கு வரவேற்பு பெரிது. நாலு மணியானாலோ அதற்கு மேல் கூடவில்லை. ஜப்பானில் 2022இல், பிரிந்து சேர்ந்த நாயின் கண்ணீர் அளவு கூடுவதை அளந்தார்கள். எசமானைக் கண்டால்தான் கூடியது. பழகிய வேறொருவரைக் கண்டால் இல்லை. சோறு மட்டும்தான் காரணமென்றால் கண்ணீருக்கு என்ன வேலை?

கே: எங்கள் பூனை வாலைக் கொடிமரம்போல் நிமிர்த்தி வந்து காலில் உரசுகிறது. அன்பா, அதிகாரமா? – டீச்சர், பள்ளிவாசல்துறை

ப: இரண்டும், டீச்சர். வால் நிமிர்த்துவது குட்டி தாயிடம் வரும் பாவனை. பூனைகளுக்குள் 'சண்டைக்கு வரவில்லை' என்ற அறிவிப்பு. கன்னத்தில் வாசனைச் சுரப்பி இருக்கிறது. நீங்கள் பள்ளிக்கூட வாசனையோடு வருகிறீர்கள்; அதன் மேல் வீட்டு வாசனையைப் பூசித் திரும்பச் சேர்த்துக்கொள்கிறது. நெடுநேரம் கழித்து வந்தால் கூடுதலாகக் கர்கர் என்று சத்தமிட்டு, உடம்பை நீட்டி முறிக்கும் என்று 2017இல் சுவீடன்காரர் கண்டார்கள்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. துருக்கியில் பூனை வளர்ப்போர் வாசலில் நுழைந்ததைப் படம் பிடித்தார்கள். முதல் நூறு வினாடிக்குள் ஆண்களிடம் பூனை சராசரி நாலு தரத்துக்கு மேல் கத்தியது. பெண்களிடம் இரண்டு தரம்கூட இல்லை. ஆண்களுக்கு உரக்கச் சொன்னால்தான் ஏறும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். எந்த மனைவியைக் கேட்டிருந்தாலும் செலவில்லாமல் சொல்லியிருப்பாளே!

கே: அண்ணன் கடலில் போய்விட்டார். அவருடைய நாய் பின்னேரமானால் கரைக்குப் போய் இருக்கிறது. கட்டிவைக்கட்டுமா? – தங்கை, கண்டக்குழி

ப: கட்டாதீர்கள், தங்கச்சி. அதற்குச் செய்தி போய்ச் சேராது; நேரமும் இடமும்தான் தெரியும். தோக்கியோவில் ஹச்சிகோ என்ற நாயின் எசமான் 1925இல் இறந்தார். 1935இல் சாகும்வரை அது ஷிபுயா ஸ்டேஷனுக்குப் போனது. கடைக்காரர் போட்ட இறைச்சிக்காக என்று சொல்வோரும் உண்டு. செத்தபின் அதன் வயிற்றிலிருந்து இறைச்சிக் குச்சிகள் எடுத்ததும் உண்மை. ஆனால் அது எசமானை வரவேற்க ஸ்டேஷனுக்குப் போகப் பழகியது அவர் உயிரோடு இருந்தபோதே. நீங்கள் செய்யக்கூடியது, அந்த நேரத்தில் கூடவே கரைக்குப் போய், கொஞ்சம் நடத்தி, கூட்டிவந்து, வீட்டில் அதே நேரத்துக்குத் தினமும் சாப்பாடு வைப்பது. சாப்பாட்டைத் தொடாமல் மெலிந்தால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

கே: என்னைக் கண்டதும் குட்டி நாய் நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்கிறது. அடிக்கலாமா? – கோபக்காரர், ஏத்தாளை

ப: அடித்தால் இன்னும் பெய்யும். அது 'நீங்கள் பெரியவர்' என்ற பணிவு. மேலே குனியாமல், கண்ணை உற்றுப் பார்க்காமல், உள்ளே வந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். பிறகு உட்கார்ந்து கூப்பிடுங்கள். வளர வளரப் பெரும்பாலும் விட்டுவிடும்.

கே: மாமியார் வந்தால் மட்டும் குரைக்கிறது? – மருமகன், கண்டக்குழி

ப: யார் பழக்கினது?