இணையதளத்தில் நிரந்தரமாகச் சிக்கிக்கொள்வது எப்படி? மணலி வியாபாரிகளுக்கு ஆறு எளிய வழிகள்

எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வரிசைக்கு நடுவே மாட்டிக்கொண்டால் எப்படியும் சில மணி நேரத்தில் விடுதலை கிடைத்துவிடும். ஆயுளுக்கும் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள், ‘பத்தே நிமிடத்தில் வெப்சைட்’ என்று விளம்பரம் செய்யும் பில்டர்களை நாடலாம். உள்ளே போவதற்கு அவர்கள் எல்லா உதவியும் செய்வார்கள். வெளியே வரும்போது என்னென்ன பறிபோக வேண்டும் என்பதை நீங்கள்தான் முதல் நாளிலேயே திட்டமிட வேண்டும். அதற்கான வழிகாட்டி இது.

உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். சாத்தாங்காடு இரும்புச் சந்தையிலிருந்து மணலி போகும் வழியில் ஃப்ளாஞ்ச், கேஸ்கெட், ஸ்டட் போல்ட் விற்கும் கடை. சுத்திகரிப்பு ஆலைக்கும் உர ஆலைக்கும் வேலை எடுக்கும் கான்ட்ராக்டர்கள்தான் வாடிக்கையாளர்கள். பர்ச்சேஸ் பார்ப்பவர்கள் கூகுளில் அளவைத் தட்டித் தேடி, பக்கத்தைப் பார்த்து, மெயிலில் விலை கேட்கிறார்கள்.

வழி 1: முகவரியை இரவல் வாங்குங்கள்

சொந்தமாக டொமைன் வாங்க ஆண்டுக்குச் சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் வரை ஆகும். அந்த வீண் செலவு எதற்கு? பில்டர் இலவசமாகத் தரும் முகவரியை வாங்கிக்கொண்டு விசிட்டிங் கார்டு, பில் புத்தகம், கடையின் ஃப்ளெக்ஸ் போர்டு எல்லாவற்றிலும் அச்சடித்துவிடுங்கள். விக்ஸ் இலவசக் கணக்கில் `wixsite.com` அடங்கிய முகவரி கிடைக்கும். அது அவர்களுடைய பெயர். நீங்கள் அதில் குடியிருக்கலாம், காலி செய்யும்போது கையோடு கொண்டுபோக முடியாது.

இந்த வழி பலிக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு நாடறிந்த சான்று ஒன்று உண்டு. 2017 ஜனவரியில் டெல்லிக்கு வந்த சுந்தர் பிச்சை, இந்தியாவின் சிறு வியாபாரிகளுக்காக இலவச வெப்சைட் வசதி வரப்போவதாக அறிவித்தார். கூகுள் மேப்பில் கடையைப் பதிந்திருந்தால் போதும், போனிலேயே சில நிமிடங்களில் பக்கம் தயார். அவை `business.site` என்று முடியும் முகவரிகள். 2024 மார்ச்சில் கூகுள் அந்தப் பக்கங்கள் எல்லாவற்றையும் மூடியது. அதே ஆண்டு ஜூன் 10 வரை பழைய முகவரியைத் தட்டியவர்கள் கடையின் மேப் பதிவுக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். அதன் பிறகு, பக்கம் இல்லை என்ற செய்திதான். இனி எங்கே போவது என்று கேட்டவர்களுக்கு விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ் போன்ற வேறு பில்டர்களின் பட்டியலைக் கூகுளே கொடுத்தது.

கவனியுங்கள், அந்தக் கடைக்காரர்களின் எழுத்தும் படமும் பெரிய இழப்பில்லை. ஒரு பக்கம்தானே, மறுபடி தட்டிவிடலாம். அச்சடித்த முகவரியைத்தான் மீட்க முடியவில்லை.

வழி 2: டொமைன் வாங்கியே தீருவீர்களானால், அடுத்தவர் பெயரில் வாங்குங்கள்

சொந்த டொமைன் இருந்தும் சிக்கிக்கொள்ள முடியுமா? தாராளமாக முடியும். சைட் போட்டுத் தரும் டிசைனர் தம்பியிடம், “நீயே பார்த்து எடுத்துடுப்பா, பணம் ஜிபேல போட்டுடறேன்” என்று சொல்லிவிடுங்கள். அவர் தன் ஜிமெயில் முகவரியில் பதிவு செய்வார். டொமைனை வேறு பதிவாளரிடம் மாற்றுவதற்கு ஒரு ரகசியக் குறியீடு வேண்டும். அந்தக் கணக்கைத் திறக்க முடிந்தவருக்குத்தான் அது கிடைக்கும். தம்பி துபாய்க்கு வேலைக்குப் போய் நம்பரை மாற்றிவிட்டால் உங்கள் கடைப் பெயரை நீங்களே கூகுளில் வேடிக்கை பார்க்கலாம்.

பில்டரே முதல் ஆண்டுக்கு இலவசமாகத் தரும் டொமைன் இன்னொரு நல்ல ஏற்பாடு. பெயர் உங்களுடையதாகவே இருக்கலாம். ஆனால் டாட் காம் போன்ற பெயர்களைப் புதிதாகப் பதிந்த முதல் 60 நாட்களுக்கு வேறு பதிவாளருக்கு மாற்ற முடியாது. அப்புறம் மாற்றலாம் என்று விட்டால் இரண்டாம் ஆண்டு புதுப்பிப்புக் கட்டணம் நினைவூட்டும்.

வழி 3: எல்லாவற்றையும் பில்டருக்குள்ளேயே தட்டுங்கள்

எக்செல் ஷீட்டில் பொருள் பட்டியல், கணினியில் படங்களுக்கு ஒரு ஃபோல்டர் என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். நாலு இஞ்ச், 150 கிளாஸ், ஸ்லிப்-ஆன் ஃப்ளாஞ்ச், எட்டு ஓட்டை என்ற விவரத்தை நேரே எடிட்டரில் அடியுங்கள். போனில் எடுத்த படத்தை ஏற்றியதும், இடம் போதவில்லை என்று அழித்துவிடுங்கள். உலகத்தில் அந்தத் தகவலுக்கு ஒரே பிரதிதான் இருக்க வேண்டும். அதுவும் அடுத்தவர் சர்வரில்.

வழி 4: எக்ஸ்போர்ட் பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புங்கள்

எல்லா பில்டரும் ஏதோ ஒன்றைத் தருகிறார்கள். எது வரும், எது வராது என்று முன்கூட்டிப் பார்க்காமல் இருப்பதில்தான் சூட்சுமம். விக்ஸ் எடிட்டரில் செய்த பக்கங்களை வேறு சர்வருக்கு எடுத்துப்போக முடியாது என்று அவர்களின் உதவிப் பக்கமே வெளிப்படையாகச் சொல்கிறது. பொருள் பட்டியல், வாடிக்கையாளர் தொடர்புகள் போன்றவை சிஎஸ்வி கோப்பாக வரும். ஸ்கொயர்ஸ்பேஸ், வேர்ட்பிரஸுக்கு ஏற்ற கோப்பு ஒன்றைத் தரும். சாதாரணப் பக்கங்களும் எழுத்தும் அதில் வரும், தோற்றம் வராது. ஷாப்பிஃபையிலிருந்து வாடிக்கையாளர் பட்டியல் வரும், அவர்களின் பாஸ்வேர்டு வராது.

எல்லோரும் ஒரே மாதிரி ஏன் செய்கிறார்கள்? சதி என்று சொல்ல முடியாது. எழுத்து என்பது எழுத்துதான், எங்கே வைத்தாலும் நிற்கும். படம் சரியும் கேலரி, தேதி பிடிக்கும் படிவம், விலைப்பட்டியல் கட்டம் இவையெல்லாம் அந்த பில்டரின் மென்பொருள் ஓடினால்தான் உயிரோடு இருக்கும். அதை உங்களிடம் கொடுத்தாலும் வேறு சர்வரில் ஓடாது. வெளியேற வசதி செய்து கொடுக்க அவர்களுக்கு அவசரமும் இல்லை. ஆகவே சிக்க விரும்புகிறவர்கள் இந்த அலங்காரக் கட்டங்களையே அதிகம் பயன்படுத்த வேண்டும்.

வழி 5: படம் தெரிகிறதே என்று திருப்தி அடையுங்கள்

நம் ஃப்ளாஞ்ச் கடை விக்ஸிலிருந்து வேர்ட்பிரஸுக்கு மாறுகிறது என்று வையுங்கள். பக்கத்தை முழுக்கத் தேர்ந்தெடுத்து, காப்பி எடுத்து, புதிய இடத்தில் ஒட்டுகிறீர்கள். எழுத்தும் வருகிறது, படமும் பளிச்சென்று தெரிகிறது. “வேலை முடிஞ்சுது, பழையதை கட் பண்ணிடலாமாண்ணே?” என்று கடைப் பையன் கேட்பார். உடனே சரி என்று சொல்லுங்கள்.

சரி என்று சொல்ல மனமில்லாத பொறுமைசாலிகள் ஃப்ளாஞ்ச் படத்தின் மேல் வலது கிளிக் செய்து, அதைத் தனி டேபில் திறப்பார்கள். மேலே முகவரி இப்படித் தொடங்கினால்,

```
https://static.wixstatic.com/media/
```

படம் இன்னும் பழைய வீட்டில்தான் இருக்கிறது. புதுப் பக்கம் அதை அங்கிருந்து எட்டிப் பார்த்துக் காட்டிக்கொண்டிருக்கிறது. பழைய கணக்கை மூடிய பிறகு அது எத்தனை நாள் தெரியும் என்பது உங்கள் கையில் இல்லை. வேர்ட்பிரஸ் எக்ஸ்போர்ட் கோப்பிலும் இதே கதைதான். அதில் படம் இருக்காது, படம் இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கும். புதிய தளம் அந்த முகவரிக்குப் போய்ப் படத்தை இழுத்துக்கொள்ளும்வரை பழைய தளம் உயிரோடு இருந்தாக வேண்டும்.

வழி 6: பழைய பாதையை மறந்துவிடுங்கள்

ஒவ்வொரு பில்டரும் பக்கத்தின் முகவரியைத் தன் இஷ்டப்படி அமைக்கும். விக்ஸ் கடையில் பொருளுக்கு முன்னால் `/product-page/` வரும், வேர்ட்பிரஸின் வூகாமர்ஸில் `/product/` வரும். டொமைன் அதேதான் என்றாலும், கூகுளும் பழைய கோட்டேஷன்களும் வைத்திருக்கும் லிங்க் ஒவ்வொன்றும் செத்துவிடும். இதைக் கெடுக்க, அப்பாச்சி சர்வரில் `.htaccess` கோப்பில் பொருளுக்கு ஒரு வரி போதும்:

```
Redirect 301 /product-page/4-inch-slip-on-flange /product/4-inch-slip-on-flange
```

பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று இந்த வரி கூகுளுக்குச் சொல்கிறது. இதைக் குறைந்தது ஓர் ஆண்டாவது விட்டுவைக்கச் சொல்கிறது கூகுள். ஆனால் டொமைன் உங்களுடையதாக இருந்தால்தான் இந்த வரியைப் போட முடியும். வழி 1-ஐ ஒழுங்காகப் பின்பற்றியவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. பழைய முகவரியில் பலகை மாட்டும் உரிமை அவர்களுக்கு இல்லை.

போனஸாக இன்னொன்று. டொமைனின் நேம்சர்வரை மாற்றும்போது, மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகளைக் குறித்து வைக்காதீர்கள். வெப்சைட் ஜோராகத் திறக்கும். விலை கேட்டு வரும் மெயில்தான் வராது. இந்த வாரம் ஆர்டர் மந்தம் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளலாம்.

சட்டம் காப்பாற்றுமா?

செல்போன் நிறுவனம் பிடிக்காவிட்டால் நம்பரை வைத்துக்கொண்டே மாறும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இருக்கிறது. வெப்சைட்டுக்கு அப்படி ஒன்று இந்தியாவில் இல்லை. நம் தகவலை எடுத்துச் செல்லும் உரிமை 2019-ஆம் ஆண்டு தகவல் பாதுகாப்பு மசோதாவில் இருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை.

சிக்க விருப்பமில்லாதவர்களுக்கு

மேலே சொன்னதைத் தலைகீழாகச் செய்யுங்கள். டொமைனை உங்கள் மெயிலில், பில்டர் அல்லாத ஒரு பதிவாளரிடம் வாங்குங்கள். பொருள் பட்டியலையும் படங்களையும் உங்கள் கணினியில் வைத்துவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். மாறும்போது முதலில் புதியதைக் கட்டி முடியுங்கள். ஒவ்வொரு படத்தின் முகவரியையும் சரிபாருங்கள். பழைய பாதைகளைத் திருப்பிவிடுங்கள், மெயில் வருகிறதா என்று ஒன்று அனுப்பிப் பாருங்கள். பழைய சந்தாவை நிறுத்துவது கடைசி வேலை. டொமைனை வேறு பதிவாளருக்கு மாற்றாமலே, நேம்சர்வரை மட்டும் திருப்பி வீடு மாறலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதில் ஒன்றைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால், இன்று ராத்திரி கடையைச் சாத்துவதற்குள் உங்கள் டொமைன் யாருடைய மெயிலில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டிசைனர் தம்பி துபாய்க்கு டிக்கெட் போடும் முன் கேட்பது உத்தமம்.