நெல்லை வேண்டாம், மிஸ்!

கேள்வி: பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் படிப்புக் குறிப்புகள் தர இன்ஸ்டாகிராம் கணக்கு தொடங்குகிறேன். பள்ளியும் ஊரும் தெரியக்கூடாது. 'nellai_chem_miss' என்று பெயர் வைக்கலாமா?
– ஊர், பெயர் வேண்டாம்

பதில்: கடிதத்தில் மறைத்த ஊரைக் கணக்கின் பெயரில் சொல்லிவிட்டீர்களே, டீச்சர்! அதை எடுத்துவிட்டு TN72, 0462 என்று எண்களைச் சேர்த்தாலும் பயனில்லை. வண்டி நம்பர் பார்த்தே ஊர் சொல்பவர்கள் நாம். பள்ளிப் பெயரின் சுருக்கமும் அப்படித்தான்.

மாணவன் உங்கள் ஊரையா தேடப்போகிறான்? பரீட்சைக்கு முந்தின ராத்திரி "12th chemistry tamil" என்றுதான் தட்டுவான். ஆகவே 'chem12_tamil' போல ஒன்று போதும். யாராவது முந்திக்கொண்டிருந்தால் '_tips' சேருங்கள். பிறந்த வருடத்தைச் சேர்க்காதீர்கள். கணக்கின் பெயருக்குக் கீழே காட்சிப் பெயர் என்று தனியாக ஓர் இடம் உண்டு. தேடலில் அதுவும் அகப்படும். அங்கே "12th Chemistry வேதியியல்" என்று இரு மொழியிலும் எழுதிவிடுங்கள்.

பழைய கணக்கின் பெயரை மாற்றிப் பயன்படுத்த வேண்டாம். பழைய படங்களும் தோழிகளும் கூடவே வருவார்கள். தனி மின்னஞ்சலில் புதிதாகத் தொடங்குங்கள். உங்கள் போன் நம்பரைக் கொடுத்தால், அதைச் சேமித்து வைத்திருக்கும் சக ஆசிரியர்களுக்கு "இவரைத் தெரியுமா?" என்று செயலியே பரிந்துரைக்கக்கூடும். அமைப்புகளில் அந்தப் பரிந்துரையை அணைத்துவிடுங்கள்.

வீடியோவில் மட்டும் "ஏல, சமன்பாட்டைச் சரியாப் போடுல" என்று சொல்லிவிடாதீர்கள்!