மாசம் பூரா 120

வாரும் மாப்ளே, திண்ணையில உக்காரும். நோட்டைக் கொண்டாந்தீரா? கொடும் பாப்போம். அடேயப்பா! திங்கள் 120/80, செவ்வாய் 120/80, புதன் 120/80. உம்ம ரத்தத்துக்கு இருக்க ஒழுக்கம் உமக்கு இருந்திருந்தா என் தங்கச்சி இம்புட்டுப் பாடு பட்டிருக்க மாட்டா. எல்லாம் ஒரே மை, ஒரே மூச்சுல எழுதினது. இதுல பாரும், நாளைச் சனிக்கிழமைக்கும் எழுதியாச்சு. இன்னைக்கு வெள்ளிதான வே? இதையா டாக்டருகிட்ட நீட்டப் போறீரு?

நான் சொல்லுதேன் கேளும். அடுத்தடுத்துப் பாத்தாலே பிரஷர் நாலஞ்சு புள்ளி ஏறும், இறங்கும். அதுதான் உயிரோட இருக்க மனுசனுக்கு அடையாளம். வாரம் பூரா ஒரே எண்ணு நின்னா, ஒண்ணு மிஷின் கோளாறு, இல்லைன்னா நோட்டு எழுதினவன் கோளாறு. எந்தக் கோளாறுன்னு கண்டுபிடிக்க டாக்டருக்கு ரொம்ப நேரம் ஆகாது. உம்ம மிஷின்ல M-ன்னு ஒரு பொத்தான் இருக்கே, அதை அமுக்கினா பழைய கணக்கெல்லாம் கக்கிரும். மிஷினைக் கையோட கொண்டு வாங்கன்னு அவரு சொன்னா முழிக்கப் போறது நீருதான்.

பேத்தி போன்ல அலாரம் வச்சுக் கொடுத்தாளே, என்ன ஆச்சு? காலையில ஏழு மணிக்கு அது அடிக்கும்போது நீரு டீக்கடை பெஞ்சுல அரசியல் பேசிக்கிட்டு இருக்கீரு. நாலு பேரு திரும்பிப் பாக்குதாங்கன்னு அமுக்கி அணைச்சுட்டு, மறுபடி மத்தியானம் நினைப்பு வந்து ஒரு 120. அலாரத்து மேல குத்தமில்லை வே, நேரத்து மேலதான். நீரு எழுந்திரிக்கது அஞ்சரை. அஞ்சே முக்காலுக்கு வையும். ஒண்ணுக்குப் போயிட்டு வந்து, காப்பிக்கும் பீடிக்கும் முந்தி, மாத்திரைக்கும் முந்தி அளக்கணும். காப்பியோ பீடியோ உள்ள போயிட்டா அரை மணி நேரத்துக்கு அளக்கப்படாது. சாயங்காலம் ராச்சாப்பாட்டுக்கு முந்தி இன்னொண்ணு.

அலாரத்தையும் முழுசா நம்பாதேயும். மாத்திரை டப்பாவை எடுத்து மிஷின் பெட்டிக்குள்ள போட்டுரும். மாத்திரை வேணும்னா மிஷினைத் தொட்டுத்தான் ஆகணும். போனை அணைச்சுரலாம், மாத்திரைக்கு நிக்கிற என் தங்கச்சியை அணைக்க முடியுமா?

இப்ப எப்படி அளக்கீருன்னு எனக்குத் தெரியாதா? கட்டில்ல கால்மேல கால் போட்டு, சட்டைக் கை மேலயே பட்டையைச் சுத்தி, வாயில வெத்தலையோட, தெருவுல போறவன்கிட்ட மழை வருமான்னு கேட்டுக்கிட்டே அளக்கீரு. கால்மேல கால் போட்டா எண்ணு கூடும். பேசினா கூடும். கை தொங்கினாலும் கூடும். பட்டை சின்னதா இருந்தாலும் கூடும். அதனால டெய்லர் டேப்பை வச்சு மேல்கையைச் சுத்தி அளந்து, பட்டையில அச்சடிச்சிருக்க சென்டிமீட்டருக்குள்ள வருதான்னு பாத்துக்கிடும். முதுகு சாஞ்ச நாற்காலியில, ரெண்டு பாதமும் தரையில பட உக்காரும். வெறுங்கையில முழங்கை மடிப்புக்குக் கொஞ்சம் மேல பட்டையைக் கட்டி, கையை மேசை மேல நெஞ்சு உயரத்துக்கு வையும். அஞ்சு நிமிசம் சும்மா இரும். உமக்குக் கஷ்டம்தான், ஆனாலும் வாயை மூடிக்கிட்டு இரும்.

ஒரு தடவை பாத்து, ஒரு நிமிசம் விட்டு இன்னொரு தடவை பாத்து, ரெண்டையும் எழுதும். முதல் எண்ணு பிடிக்கலைன்னு பிடிச்ச எண்ணு வார வரைக்கும் பத்துத் தடவை அமுக்கினா அது அளக்கதில்லை வே, பேரம் பேசுதது. 147 வந்தா 147. அதை 150-ன்னோ 140-ன்னோ வட்டம் கட்டாதேயும். மறந்த நாளைக் காலியா விடும். காலி இடத்தைப் பாத்து டாக்டரு கோவிச்சுக்க மாட்டாரு. பொய்யை நம்பி மாத்திரையை மாத்திட்டா அப்புறம் உம்ம பாடுதான்.

போன மாசம் என் நோட்டைப் பாத்தீரா? ஏழு நாள் எழுதினேன். முத நாளைத் தள்ளிட்டேன், அன்னைக்குப் பதட்டத்துல எண்ணு எப்பவுமே கொஞ்சம் எகிறும். மிச்சம் ஆறு நாள் காலையில மேல் எண்ணு 148, 152, 146, 150, 154, 150. கூட்டினா 900, ஆறால வகுத்தா 150. சாயங்காலம் 128, 130, 126, 144, 128, 130. கூட்டினா 786, வகுத்தா 131. அந்த 144 அன்னைக்குக் கல்யாண வீட்டுல அப்பளமும் ஊறுகாயும் வெளுத்துக் கட்டினேன். பக்கத்துலயே ‘கல்யாண வீடு’ன்னு எழுதி வச்சேன், எண்ணை அழிக்கலை.

இதுல சூட்சுமம் எங்க இருக்கு தெரியுமா? காலையையும் மாலையையும் ஒண்ணாப் போட்டு வகுத்திருந்தா 140, சொச்சம் வந்திருக்கும். டாக்டரும் ‘கொஞ்சம் கூடத்தான், உப்பைக் குறைங்க’ன்னு அனுப்பியிருப்பாரு. தனித்தனியா எழுதினதாலதான் மாலை நல்லா இருக்கு, காலையில மாத்திரை போடும் முந்தி ஏறிக்கிடக்குன்னு அவருக்குப் பளிச்சுன்னு தெரிஞ்சுது. காலையில போடுத மாத்திரை மறுநாள் விடியற வரைக்கும் தாங்கலையோன்னு சந்தேகப்பட்டு நேரத்தை மாத்திக் கொடுத்தாரு. மாத்தினது அவரு, நான் இல்ல. நோட்டைப் பாத்து நாமளே மாத்திரையைக் கூட்டுறது குறைக்கது எல்லாம் வேண்டாத வேலை. வீட்டுல பாக்கும்போது சராசரி 135/85-க்குக் கீழ இருந்தா பொதுவா நல்லதுன்னு கணக்கு. ஆஸ்பத்திரியில அதே ஆளுக்கு 140/90 வரைக்கும் பொறுப்பாங்க, அங்க வெள்ளைக் கோட்டைப் பாத்தாலே சிலருக்கு ஏறிரும். நம்ம வயசுக்கு உமக்கு எம்புட்டு வேணுங்கதை டாக்டருகிட்டயே கேட்டு நோட்டு முதப் பக்கத்துல எழுதும்.

டாக்டரு மேசை மேல முழு நோட்டையும் விரிக்காதேயும், வெளிய முப்பது பேரு காத்துக் கிடக்கான். அரைத்தாள் போதும். காலைச் சராசரி, மாலைச் சராசரி, ஆகக் கூடினது எந்த நாள், ஏன்; எத்தனை வேளை விட்டுப் போச்சு; என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு. அதுக்குக் கீழ ஒரு வரி: எழுந்து நிக்கும்போது தலை சுத்திச்சா? போன வாரம் கிணத்தடியில கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சுன்னு என்கிட்ட சொன்னீரே, அதை டாக்டருகிட்ட சொன்னீரா? உக்காந்திருக்கும்போது ஒண்ணு, எழுந்து நின்னு ஒரு நிமிசத்துல ஒண்ணு, மூணு நிமிசத்துல ஒண்ணுன்னு அளந்து பாரும். பக்கத்துல தங்கச்சி நிக்கட்டும். மேல் எண்ணு 20-ஓ அதுக்கு மேலயோ இறங்கினா அதை முத வரியில எழுதும். கூடின பிரஷருக்குப் பயந்து மாத்திரையைக் கூட்டிட்டு, நின்ன இடத்துல விழுந்து இடுப்பை ஒடிச்சவங்க நம்ம ஊருலயே இருக்காங்க.

180/120-ஐத் தொட்டா அஞ்சு நிமிசம் உக்காந்து மறுபடி பாரும். அப்பவும் இறங்கலைன்னா அன்னைக்கே டாக்டருகிட்ட பேசணும். கூடவே நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, பேச்சுக் குளறல், கைகால் ஒரு பக்கம் வெலவெலப்புன்னு ஏதாவது இருந்தா நோட்டும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். 108-க்குப் போன் போடும்.

இந்தப் பக்கத்தைக் கிழிச்சுரும் மாப்ளே. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வேண்டாம், அடுத்த சனிக்கிழமை போகலாம், நானும் கூட வாரேன். அதுவரைக்கும் தினம் சாயங்காலம் நோட்டை என்கிட்ட காட்டும். 120-ன்னு எழுதியிருந்தா ரெண்டாவது எண்ணு எம்புட்டுன்னு கேப்பேன், M பொத்தானையும் அமுக்கிப் பாப்பேன்.