சுருக்கத்தைச் சுருக்கித் தரக் கோரும் விண்ணப்பம்

பெறுநர்: டிஸ்சார்ஜ் சம்மரி தயாரிக்கும் பிரிவு, பெயர் சொல்ல வேண்டாத ஒரு பெரிய மருத்துவமனை.

பொருள்: ஏழு பக்கச் சுருக்கத்தை ஒரு பக்கமாகச் சுருக்கித் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

ஐந்து நாள் படுக்கையை ஏழு பக்கத்தில் அடக்கிவிட்டு அதற்குச் 'சுருக்கம்' என்று பெயரும் வைத்த தங்கள் துணிச்சலுக்கு முதலில் வணக்கம். அந்த ஏழு பக்கத்தையும் குறை சொல்ல இந்தக் கடிதம் எழுதப்படவில்லை. அவை யாருக்காக எழுதப்பட்டனவோ அவர்களுக்கு நன்றாகவே பயன்படுகின்றன. இன்ஷூரன்ஸ் அலுவலருக்கு நோயின் பெயரும் படுக்கையில் இருந்த நாள்களும் வேண்டும். அடுத்துப் பார்க்கப்போகும் டாக்டருக்கு ரத்தப் பரிசோதனை எண்கள் வேண்டும். என்றைக்காவது வழக்கு வந்தால் வக்கீலுக்கு 'நோயாளியின் நிலை திருப்திகரம்' என்ற வரி வேண்டும். மூவரும் மனநிறைவோடு மூடி வைத்த பிறகு தாள் நான்காவது ஆளிடம் வருகிறது. அன்று இரவு எட்டு மணிக்கு மாத்திரை டப்பாவைத் திறந்து கையில் எடுத்துக் கொடுக்கப்போகும் மகளோ மருமகனோ வீட்டு நர்ஸோதான் அந்த ஆள். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல்: போன வாரம் வரை கொடுத்து வந்ததில் இன்று என்ன மாறியிருக்கிறது? ஏழு பக்கத்தில் அதற்கு மட்டும் இடம் போதவில்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். எழுபத்தெட்டு வயது மூதாட்டி. பேச்சு குழறி, நடை தள்ளாடி, எங்கே இருக்கிறோம் என்று தெரியாத நிலையில் கொண்டுவரப்படுகிறார். ரத்தத்தில் சோடியம் 116. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. கூடவே சிறுநீர்த் தொற்றும் இருக்கிறது. உங்கள் டாக்டர்கள் நல்ல வேலை செய்கிறார்கள். சோடியத்தை ஒரே நாளில் ஏற்றினால் மூளைக்கே கேடு என்பதால் நாள்கணக்கில் நிதானமாக ஏற்றி 132 ஆக்குகிறார்கள். காரணத்தையும் கண்டுபிடிக்கிறார்கள். பல ஆண்டுகளாகப் போட்டுவந்த பி.பி. மாத்திரைக்குள் டெல்மிசார்டனோடு ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் பிரிக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. வயதானவர்களுக்குச் சோடியத்தை இறக்கிவிடுவதில் அது பெயர் பெற்றது. அதை நிறுத்திவிட்டு வெறும் டெல்மிசார்டன் 40 மி.கி. எழுதுகிறார்கள். வைத்தியத்தின் சாரமே இவ்வளவுதான். அந்தச் சாரம் உங்கள் சுருக்கத்தில் மூன்றாம் பக்கத்தில், பதினெட்டு வரிப் பத்தி ஒன்றின் நடுவில், 'தயசைடு நிறுத்திவைக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் அரை வரியாக ஒளிந்திருக்கிறது. வீட்டுக்காரர்கள் பார்க்கும் பக்கம் கடைசிப் பக்கம். அங்கே 'டெல்மிசார்டன் 40, 1-0-0' என்று மட்டும் இருக்கிறது.

வீட்டு அலமாரியில் பழைய அட்டைகள் மூன்று இருக்கின்றன. டெல்மிசார்டன் தனியாக இருக்கும் மாத்திரைக்கும், நீர் மருந்து சேர்ந்த மாத்திரைக்கும் பல கம்பெனிகள் ஒரே பெயரைத்தான் வைக்கின்றன. பின்னதன் வாலில் 'எச்' என்ற ஓர் எழுத்து கூடுதலாக இருக்கும். மகள் தாளைப் பார்க்கிறார், அட்டையைப் பார்க்கிறார். பெயர் ஒன்று, 40 என்ற எண்ணும் ஒன்று. 'நம்மிடம் ஏற்கெனவே இருப்பதுதானே, வீணாக்குவானேன்' என்று பழைய அட்டையையே தொடர்கிறார். சிக்கனமான குடும்பத்தில் வேறு எப்படி நடக்கும்? சில வாரத்தில் மூதாட்டி மறுபடி தூங்கி வழிகிறார், வார்த்தை குழறுகிறது. எழுபத்தெட்டு வயதில் இதைப் பார்க்கும் அக்கம்பக்கம் 'வயசாயிடுச்சு' என்று தீர்ப்பு சொல்லிவிடும். ஐந்து நாள் வைத்தியம் ஓர் எழுத்தில் கரைந்துபோனதை யாரும் கவனிக்கப்போவதில்லை. கவனித்தாலும் 'தாளில் சரியாகத்தானே எழுதினோம்' என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான், சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். எழுதாமல் விட்டது பற்றித்தான் பேச்சு.

அந்த 'எழுதாமல் விட்டது' என்பதன் நுட்பத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை. மூதாட்டி தினமும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை 50 மைக்ரோகிராம் போட்டுக்கொண்டிருந்தார் என்று வையுங்கள். கடைசிப் பக்கப் பட்டியலில் அது இல்லை. நிறுத்தச் சொன்னதால் இல்லையா, அட்மிஷன் நடந்த அவசர ராத்திரியில் யாரும் கேட்காததால் இல்லையா? எச் போட்ட பழைய பி.பி. மாத்திரையும் பட்டியலில் இல்லை, தைராய்டு மாத்திரையும் பட்டியலில் இல்லை. முதலாவதைத் தொடர்ந்தால் ஆபத்து, இரண்டாவதை நிறுத்தினால் ஆபத்து. ஒரே மௌனத்துக்கு நேரெதிரான இரண்டு பொருள். உரையாசிரியர்கள்கூட இப்படி ஓர் இடத்தில் பொருள் வேறுபாடு குறித்திருப்பார்கள். தைராய்டு மருந்து உடம்பில் மெதுவாகத்தான் குறையும் என்பதால் விட்டுப்போனது உடனே தெரியவும் தெரியாது. சோர்வும் மறதியுமாக அது தலைகாட்ட வாரக்கணக்கில் ஆகும். அப்போதும் பழி வயதின் மேல்தான் விழும்.

எழுதியதிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் 500, காலையும் இரவும். அதையே உங்கள் பார்மஸி வேறு கம்பெனிப் பெயரில் பொட்டலம் கட்டித் தருகிறது. வீட்டில் ஒரு பெயர், பொட்டலத்தில் இன்னொரு பெயர். இரண்டும் ஒன்று என்று சொல்ல ஆளில்லை. ஆகவே இரண்டும் வாய்க்குள் போகின்றன. ஒரு நாளைக்கு 1,000 மி.கி. என்பது 2,000 ஆகிறது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால் உடம்பின் நீரும் உப்பும் இறங்கும். நீங்கள் பாடுபட்டு ஏற்றியதும் கூடவே இறங்கும். மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் தன் ஒழுங்குமுறையை 2016இல் திருத்தியதே இந்த மாதிரிக் குழப்பத்துக்கு ஓரளவு மருந்தாகும். ஆனால் அட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனிப் பெயர். மூலப்பெயர் கண்ணாடி போட்டாலும் தேட வேண்டிய அளவில் இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் மகுடம் வைத்ததுபோல் உணவு ஆலோசனை: 'உப்பு குறைத்து உண்ணவும்.' பி.பி. உள்ள எல்லோருக்கும் கணினி தானாகவே ஒட்டிவிடும் வரி இது. முதல் பக்கத்திலோ சோடியம் குறைவு என்பதுதான் நோயின் பெயர். வார்டில் 'பாட்டிக்கு உப்பு இறங்கிடுச்சு' என்று காதில் விழுந்த சொல்லை வைத்துக்கொண்டு குழம்பில் ஒரு கரண்டி கூடுதலாகப் போடுவதா, தாளை நம்பிப் பத்தியமாக்குவதா? உப்பு இறங்கியது சமையலால் அல்ல, மாத்திரையால் என்று ஒரு வாக்கியம் போதும். இரண்டு தவறும் நின்றுவிடும். 'சிறுநீர் கல்ச்சர் முடிவு வர வேண்டியுள்ளது' என்ற வரியும் அப்படித்தான். கிருமி வளர்ந்து முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்பது நியாயம். ஆனால் வந்தபின் நீங்கள் கூப்பிடுவீர்களா, அவர்கள் கேட்க வேண்டுமா, எந்த எண்ணில்? கொடுத்தனுப்பிய ஆன்டிபயாட்டிக்குக்கு அந்தக் கிருமி மசியாது என்று முடிவு வந்தால், அது உங்கள் லேபில் பத்திரமாகத் தூங்கும்.

இனி உங்கள் தரப்பு. டியூட்டி டாக்டருக்கு நேரமில்லை என்பீர்கள். நம்புகிறோம், பன்னிரண்டு மணிக்குப் படுக்கையைக் காலி செய்யச் சொல்லி ஒரு பக்கம், இன்ஷூரன்ஸ் அனுமதிக்குத் தாளைக் கேட்டு இன்னொரு பக்கம் நெருக்கும்போது, இளம் டாக்டர் பழைய நோயாளியின் சம்மரியைத் திறந்து பெயரை மாற்றித் தட்டுவதில் வியப்பில்லை. ஆனால் நாங்கள் கேட்பது எட்டாவது பக்கம் அல்ல. பழையதும் புதியதுமான மருந்து ஒவ்வொன்றின் எதிரிலும் தொடர்க, நிறுத்துக, அளவு மாற்றம், புதிது என்ற நான்கில் ஒன்றைக் குறிப்பதுதான். அதற்குப் பழைய பட்டியல் தெரிந்திருக்க வேண்டும் என்பது மெய்யான தடை. அட்மிஷன் அன்றே வீட்டு மாத்திரை டப்பாவைக் கொண்டுவரச் சொன்னால் அந்தத் தடையும் விலகும். சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவர முடிந்தவர்களுக்கு டப்பாவைக் கொண்டுவருவது பாரமாக இருக்காது.

சிஸ்டர் வாயால் விளக்கித்தான் அனுப்புகிறார் என்பது அடுத்த பதில். எப்போது விளக்குகிறார்? பில் கவுன்டருக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவில், ஆட்டோ வெளியே நிற்கும்போது, அந்த நேரத்தில் கையில் கிடைத்த உறவினரிடம். மாத்திரை கொடுக்கப்போகும் ஆள் பெரும்பாலும் வீட்டில் படுக்கை விரித்துக்கொண்டிருப்பார். 'புரிந்ததா?' என்ற கேள்விக்கு நம் ஊரில் ஒரே விடைதான். புரியவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு. அதற்குப் பதில், 'நாளைக் காலையில் எதை எதைக் கொடுப்பீர்கள், இந்த அட்டைகளிலிருந்து எடுத்துக் காட்டுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள். எச் போட்ட அட்டை கையில் வந்தால் அங்கேயே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

எளிய தமிழில் எழுதினால் துல்லியம் போய்விடும், நாளை சட்டச் சிக்கல் வரும் என்ற அச்சத்தையும் அலட்சியப்படுத்தவில்லை. நோயின் பெயரையும் எண்களையும் ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். குடும்பமே சுயமாகச் சுருக்கினால் தப்பு வரும் என்பதையும் ஏற்கிறோம். அதனால்தான் உங்களிடம் வருகிறோம். நீங்கள் சுருக்காவிட்டால் சுருக்கமே நடக்காது என்று எண்ண வேண்டாம். குளிர்பதனப் பெட்டியின் கதவில், காலண்டர் தாளின் பின்பக்கத்தில், பத்தாவது படிக்கும் பேரன் அதை எழுதத்தான் போகிறான். உங்கள் வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் என்ஏபிஎச் சான்றிதழின் விதிகளும், மருந்து விவரமும் அறிவுரையும் புரியும்படி இருக்க வேண்டும், அவசரத்தில் எப்போது எப்படி உதவி பெறுவது என்றும் சொல்ல வேண்டும் என்கின்றன. 'தேவைப்பட்டால் வரவும்' என்ற வரி இதை நிறைவேற்றுவதாக நீங்கள் கருதினால், தேவை என்றால் என்ன என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

மாதிரிக்கு ஒன்றை எழுதிப் பார்த்தோம். டாக்டர் சரிபார்த்துக் கையெழுத்திட்டால் போதும். 'வந்த காரணம்: பி.பி. மாத்திரையில் இருந்த நீர் மருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கியது. நிறுத்தியது: பெயரில் எச் உள்ள பழைய பி.பி. மாத்திரை, வீட்டில் மீதி இருந்தால் தூக்கிப் போடவும். அதற்குப் பதில்: எச் இல்லாத டெல்மிசார்டன் 40, காலை ஒன்று. மாறாதவை: தைராய்டு 50, வெறும் வயிற்றில், மெட்ஃபார்மின் 500, காலை, இரவு – புதிய அட்டையும் பழைய அட்டையும் ஒரே மருந்து, ஒன்றை முடித்தபின் மற்றது. புதிது: ஆன்டிபயாட்டிக், இன்னும் மூன்று நாள், அதன்பின் கிடையாது. சமையலில் உப்பு: வழக்கம்போல், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். ஒரு வாரத்துக்குள் சோடியம் பரிசோதனை. கல்ச்சர் முடிவை வியாழக்கிழமை இந்த எண்ணில் கேட்கவும். வழக்கத்துக்கு மாறான தூக்கம், குழறல், தள்ளாட்டம், வாந்தி, வலிப்பு – இதில் எது வந்தாலும் காலை வரை காத்திராமல் கூட்டிவரவும்.' எண்ணிப் பார்த்தால் அரைப் பக்கம்தான். மீதி அரைப் பக்கத்தில் உங்கள் மருத்துவமனையின் சின்னத்தை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
இரவு எட்டு மணி மாத்திரைக்குப் பொறுப்பானவர்கள் சார்பில்.

இணைப்பு: எச் போட்ட அட்டை ஒன்று, மூன்று மாத்திரை குறைவாக.