ஓகே அமுக்கட்டுமா?

ஸ்மார்ட் டிவி என்று பெட்டியின் நாலு பக்கமும் அச்சடிக்கிறீர்களே, அந்த ஸ்மார்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு அம்புக்குறி போட்டிருந்தால் எங்களுக்கு உதவியாக இருந்திருக்கும்.

எருத்தேன்பதியில் என் மாமா வீட்டுக் கல்யாணம் முடிந்து, பொள்ளாச்சி ஸ்டுடியோக்காரர் வீடியோவை 2 டிபி ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தார். தாலி கட்டு, சீர், விருந்து, தென்னந்தோப்புக்கு மேலே பறந்த ட்ரோன் எல்லாம் அதற்குள். வேலந்தாவளத்திலிருந்தும் கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து, பாயை விரித்து உட்கார்ந்தாகிவிட்டது. டிஸ்க்கைச் செருகினோம். புதுப் பெரிய டிவி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சொன்னது: இந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை, ஃபார்மேட் செய்யட்டுமா? கீழே ஓகே, கேன்சல். நீலம் பூசி எடுப்பாக நின்றது ஓகே.

“ஓகே அமுக்கட்டுமாப்பா?” என்றார் ரிமோட்டை வைத்திருந்த அத்தை.

அவர் அமுக்கியிருந்தால் மருமகளின் தாலி கட்டு போயிருக்கும். அந்தக் கேள்வியை எழுதியவன் எந்த ஊர்க்காரனோ, அவன் வீட்டுக் கல்யாண வீடியோ எதில் இருக்கிறதோ தெரியாது. ஆனால் ‘எனக்குப் படிக்கத் தெரியவில்லை’ என்ற வாக்கியத்துக்குப் பக்கத்திலேயே ‘அழித்துவிடட்டுமா’ என்று எழுதத் தனி மனசு வேண்டும். வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் ஒரு அதிகாரி லாரியை மறித்து, “உன் பில் எனக்குப் புரியாத பாஷையில் இருக்கிறது, சரக்கைக் கொளுத்திவிடட்டுமா?” என்று கேட்டால் ஊரே திரண்டு வந்து கேள்வி கேட்கும். டிவி கேட்டால் மட்டும் நாம் ரிமோட்டைத் தேடுகிறோம்.

டிஸ்க்கில் கோளாறு எதுவும் கிடையாது. லேப்டாப்பில் செருகினால் எல்லா ஃபைலும் வருகிறது. டிஸ்க்கில் எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கணக்கை அதன் தலைப்பில் எழுதி வைப்பார்கள். அதை எழுத இரண்டு முறைகள் உண்டு. 1983-இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டியோடு வந்த பழைய முறை எம்பிஆர். அதற்குப் பின்னால் வந்தது ஜிபிடி. ஸ்டுடியோக்காரர் மேக்கில் வேலை செய்கிறவர். மேக்கில் புது டிஸ்க்கைத் தயார் செய்தால் பொதுவாக ஜிபிடி முறையில்தான் எழுதும். முதலில் 200 எம்பிக்கு ஒரு சின்னப் பகுதியைத் தனக்கென ஒதுக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் நம் வீடியோவுக்கு இடம் தரும். எங்கள் டிவிக்கு எம்பிஆர் மட்டும்தான் தெரியும். சில டிவிகள் ஜிபிடியைப் படித்துவிட்டு, முதல் பகுதியோடு நின்று, “டிஸ்க் காலி” என்று சாதிப்பதும் உண்டு.

எனக்குக் கோபம் தலைக்கேறுவது இந்த இடத்தில்தான். ஜிபிடியை வகுத்தவர்களுக்கு இப்படிப்பட்ட டிவிகள் வரும் என்று முன்பே தோன்றியிருக்கிறது போலும். டிஸ்க்கின் முதல் செக்டரில் வேண்டுமென்றே ஒரு பொய் எம்பிஆரை எழுதி வைக்கச் சொன்னார்கள். முழு டிஸ்க்கையும் EE என்ற வகை எண்ணுள்ள ஒரே பகுதியாக அது காட்டும். ஜிபிடி தெரியாத பழைய மென்பொருள் டிஸ்க்கைக் காலி என்று நினைத்து மேலே எழுதிவிடக் கூடாது என்பது ஒன்றே அதன் வேலை. உள்ளே தரவு இருக்கிறது, தொடாதே என்று எம்பிஆர் மட்டும் தெரிந்தவனுக்கு எம்பிஆரிலேயே எழுதி வைத்த எச்சரிக்கை அது. எங்கள் டிவி அந்த எச்சரிக்கையையும் தாண்டி வந்துதான் அத்தையிடம் ஓகே கேட்டது.

காசு மிச்சம் பிடிக்கத்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று யாராவது வக்காலத்துக்கு வரக்கூடும். எக்ஸ்ஃபேட் விஷயத்தில் அந்தச் சாக்குக்கு ஒரு காலம் இருந்தது. அது மைக்ரோசாஃப்ட்டின் காப்புரிமையில் இருந்தது. உரிமம் வாங்கித்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது. 2019 ஆகஸ்ட்டில் அந்த நிறுவனமே விவரக்குறிப்பை வெளியிட்டு, லினக்ஸில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. ஜிபிடிக்கு அந்தச் சாக்கும் கிடையாது. பெரும்பாலான ஸ்மார்ட் டிவிகளுக்குள் ஓடுவது லினக்ஸ் கெர்னல். ஜிபிடியைப் படிக்கும் நிரல் அதில் பல ஆண்டுகளாக இலவசமாகக் கிடக்கிறது. கெர்னலைக் கட்டும்போது ஒரு வரி போதும்:

```
CONFIG_EFI_PARTITION=y
```

அந்த y-க்கு என்ன விலை, ஐயா? விளம்பரத்தில் நடிகருக்குக் கொடுத்த சம்பளத்தில் எத்தனை y வாங்கலாம்?

கஸ்டமர் கேரைக் கூப்பிட்டோம். எருத்தேன்பதி பின்கோடு கேரளத்தது என்பதால் மலையாளத்தில் தொடங்கி, எங்கள் தமிழைக் கேட்டு ஆங்கிலத்துக்குத் தாவினார்கள். எந்த மொழியில் கேட்டாலும் விடை ஒன்றுதான்: “டிவியிலேயே ஃபார்மேட் செய்து பாருங்கள்.” உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கையேட்டைப் புரட்டினோம். FAT32, exFAT, NTFS என்று கட்டம் போட்ட பட்டியல் இருந்தது. எங்கள் டிஸ்க் எக்ஸ்ஃபேட்தான், ஆக பட்டியல்படி பாஸ். எம்பிஆரா ஜிபிடியா என்று மட்டும் ஒரு எழுத்து இல்லை. வாங்குகிறவன் எதைப் பார்த்து வாங்குவது?

உங்கள் டிஸ்க் எம்பிஆரா ஜிபிடியா என்று தெரிய வேண்டுமானால் விண்டோஸ் லேப்டாப்பில் `diskpart` திறந்து `list disk` என்று அடித்துப் பாருங்கள். டிஸ்க்குக்கு நேராக Gpt என்ற பத்தியில் ஒரு நட்சத்திரம் இருந்தால் அது ஜிபிடி. மாற்ற வேண்டுமென்றால் முதலில் எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகலெடுத்துக்கொண்டு, நகல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம்:

```
select disk 1
clean
convert mbr
create partition primary
format fs=exfat quick
assign
```

அந்த 1 உங்கள் லேப்டாப்பில் வேறு எண்ணாக இருக்கலாம். டிஸ்க்கின் அளவைப் பார்த்து எண்ணை உறுதி செய்யாமல் `clean` அடித்தால் டிவி செய்ய நினைத்ததை நீங்களே செய்து முடிப்பீர்கள். எக்ஸ்ஃபேட்டும் தெரியாத டிவியாக இருந்து FAT32-க்கு இறங்கினால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. விநாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் எடுத்த 4கே வீடியோவில் அது பதினோரு நிமிஷத்துச் சொச்சம். ஐயர் மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் ஃபைல் முடிந்துவிடும்.

இத்தனை வேலையும் யார் தலையில்? அத்தை தலையில். கடைப் பையன் கூச்சப்படாமல் சொன்னான்: “இதெல்லாம் கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்ககிட்ட குடுத்தா அஞ்சு நிமிஷ வேலைங்ணா.” கம்ப்யூட்டர் தெரிந்தவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும் என்றால், டிவியின் விலையில் அவன் சம்பளத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டாமா?

எங்கள் டிஸ்க் 2 டிபி என்பதால் தப்பித்தோம். வழக்கமான 512 பைட் செக்டர் கணக்கில் எம்பிஆரால் எண்ண முடிந்தது ஏறக்குறைய 2.2 டிபி வரைதான்; அதற்கு மேலே உள்ள இடத்துக்குப் போகவே அதற்கு எண் போதாது. அதே கடையில், அதே டிவிக்கு அடியில், 4 டிபி டிஸ்க்கை அடுக்கி வைத்து, டிவியோடு சேர்த்து வாங்கினால் தள்ளுபடி என்று சிவப்பு எழுத்தில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்.