வாளியும் கத்தரிச் செடியும் நானும்

பெயின்ட் அடித்து முடித்த வீட்டில் 20 லிட்டர் வாளிகள் மிஞ்சும். அவற்றைத் தூக்கிப் போடும் அதிகாரம் எங்கள் வீட்டில் எனக்கு இல்லை. "உங்க தோட்டத்துக்கு ஆகும்ல" என்று மனைவி என் தலையில் கட்டிவிட்டாள். அப்போது தோட்டம் என்று எதுவும் கிடையாது. வாளி வந்ததால்தான் தோட்டமே வந்தது.

வாளியைச் சுத்தமாகக் கழுவி, அடியில் விரல் பருமனுக்கு நாலைந்து ஓட்டை போட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரைக் காய்ச்சிக் குத்தினால் சுலபமாக இறங்கும். ஆனால் அதைச் சமையலறையில் செய்யாதீர்கள். அந்தப் பிளாஸ்டிக் நாற்றத்துக்கு நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு ஓட்டையின் மேலும் உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றை வைத்தால் மண் வெளியேறாது, தண்ணீர் மட்டும் போகும். மாடியில் வாளியை இரண்டு செங்கல் மேல் ஏற்றிவிடுங்கள். இல்லையென்றால் தளம் ஊறி, கீழ்வீட்டுக்காரர் நம்மைப் பார்க்கும் பார்வை மாறும்.

வெறும் மண்ணை நிரப்பினால் இறுகிப்போகும், கனமும் தாங்காது. செம்மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய தொழு உரம் மூன்றையும் சம பங்காகக் கலந்தால் போதும். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று முறை பிழிந்து, அந்தப் பழுப்புத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்; அதில் உப்பு இருக்கும். ஒரு வாளிக்கு ஒரே ஒரு கத்தரி நாற்று. இரண்டு வைத்தால் இரண்டும் காய்க்காமல் சண்டை போடும்.

இதுவரை எல்லாம் சரி. பிரச்சினை என் பாசம்தான். சித்திரை வெயிலில் மத்தியானம் இலைகள் தொங்கும். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்காது, பூவாளியோடு ஓடுவேன். கீழ்வீட்டுப் பாட்டி மாடிக்கு வடகம் காயவைக்க வந்தவர் ஒருநாள், "ஏன்ப்பா, சாயங்காலம் வரைக்கும் பொறுக்க மாட்டியா?" என்றார். பொறுத்துப் பார்த்தேன். சாயங்காலம் செடி நிமிர்ந்து நின்றது, நான்தான் தொங்கிப்போனேன்.

விஷயம் இவ்வளவுதான். மத்தியானத் தொய்வு வெயிலுக்காக. வேர் தருவதைவிட வேகமாக இலை தண்ணீரை இழக்கிறது. விடியற்காலையிலும் தொங்கினால்தான் யோசிக்க வேண்டும். அப்போது விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தாகம், தாராளமாக ஊற்றலாம். ஈரமாக இருந்தும் தொங்கினால், அடியிலைகள் மஞ்சளானால், மண்ணில் புளித்த வாடை வந்தால், வேர் அழுகத் தொடங்கிவிட்டது. தண்ணீரை நிறுத்தி, ஓட்டை அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள். ரொம்ப அழுகியிருந்தால் காப்பாற்ற முடியாது, புது நாற்றுதான்.

என் மாதிரி ஆளுக்கு ஒரு வேண்டுகோள்: மண்ணில் விரல் விடும் வரை பூவாளியை மனைவியிடம் கொடுத்து வையுங்கள்.