வேரில் வெள்ளம், நுனியில் வறட்சி

செராஸில் ஒரே தலையில் இரண்டு பருவங்கள். எம்ஆர்டி நிலையத்துக்கு நடப்பதற்குள் உச்சி பஜ்ஜிச் சட்டிபோல் மின்னும், நுனியோ தென்னந்துடைப்பம். இரண்டுக்கும் ஒரே கவனிப்பு என்பது, வெள்ளம் புகுந்த ஊருக்கும் வறண்ட ஊருக்கும் ஒரே நிவாரண லாரியை அனுப்புவது. முடி மாதம் சுமார் 1 செ.மீ. வளரும், 30 செ.மீ. கூந்தலின் நுனிக்கு வயது இரண்டரை. உச்சியில் சுரக்கும் எண்ணெய் அவ்வளவு தூரம் பயணிப்பதில்லை. எனவே குளிக்க அரைமணி முன்பு நுனிக்கு மட்டும் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய்; ஷாம்பு உச்சந்தலைக்கு மட்டும், வழிந்தோடும் நுரையே நுனிக்குப் போதும்; கண்டிஷனர் காதுக்குக் கீழே, இரண்டு மூன்று நிமிடம்.

அடிக்கடி அலசினால் எண்ணெய் கூடும் என்பார்கள். சுரப்பி கேட்பது ஹார்மோன் பேச்சை, ஷாம்பு பேச்சை அல்ல. பாட்டி உச்சியில்தானே தேங்காய் எண்ணெய் தேய்த்தார் என்றால், எண்ணெய் வழியும் உச்சியில் அது பொடுகுப் பூஞ்சைக்கு அன்னதானம். தேங்காய் எண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைப்பதாக 2003இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு காட்டியது. ஆக, பாட்டியின் மருந்து சரி, முகவரிதான் தவறு. மறுநாளே வேர் படிந்து கிடந்தால் கண்டிஷனர் எல்லை மீறியிருக்கிறது. நுனி சிக்கினால் அளவு போதவில்லை. பிளந்த நுனிக்கோ எந்தப் புட்டியிலும் பசை இல்லை, கத்தரிக்கோல்தான்.